யார் யாரைச் சொன்னது

சாவு வீட்டில் பாடுகிற கானாவை மேடையில் பாடினால் முதல் வரியிலேயே சபை சிரிக்கும். ‘இன்னா’ என்று காதில் விழுந்ததும் சிரிப்பு வந்துவிடும். அப்பனைப் பறிகொடுத்த மகனுக்காகக் கட்டிய பாட்டு அது. பாடுகிறவன் தொண்டை அடைக்க நிற்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பேச்சை அதுவரை அவர்கள் கேட்டது சினிமாவில்தான். சந்திரபாபு, லூஸ் மோகன் என்று சிரிப்பு நடிகர்கள் பேசினார்கள். அதை விட்டால் ரவுடி வேடம் போட்டவர்கள் பேசினார்கள். தொண்ணூறுகளில் தேவா இசையில் கானா படத்துக்குப் படம் வந்தது, ஊரெல்லாம் பாடியது. அங்கேயும் பெரும்பாலும் கும்மாளப் பாட்டாகத்தான் வந்தது. வட சென்னையில் கானா பிறந்து வளர்ந்த இடம் சாவு வீட்டு வாசல் என்பதை அந்தப் படங்கள் சொல்லவில்லை.

நான் பாட்டுக் கற்றது வியாசர்பாடியில், மாமன் வீட்டில். கட்டட வேலைக்குக் கல்பாக்கம் பக்கம் வந்து, கல்யாணம் கட்டிப் புதுப்பட்டினத்தில் தங்கிவிட்டேன். இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். கடற்கரையில் குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடைத்தெரு. பக்கத்திலேயே அணுமின் நிலையத்துக்காரர்களின் டவுன்ஷிப். அங்கே மலையாளி, வங்காளி, தெலுங்கர், இந்திக்காரர், திருநெல்வேலிக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். காய்கறி வாங்க எங்கள் கடைத்தெருவுக்குத்தான் வருவார்கள். பொங்கல் விழா, ஆண்டு விழா என்று அவர்கள் கூப்பிடும்போது கானா பாடப் போனேன். பாடுவதைவிட, பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசுவதுதான் எனக்கு முக்கிய வேலையாகிவிட்டது.

சாவு வீட்டில் அந்த வேலை கிடையாது. அங்கே நடப்பதைச் சொன்னால் காரணம் புரியும். ஒருவர் இறந்த அன்று ராத்திரி, வாசலில் ஷாமியானா போட்டதும் கானாக்காரர்களுக்கு ஆள் போகும். அந்தக் காலத்தில் டேப்பும் சட்டியும் போதும். அதுவும் இல்லையென்றால் பெஞ்சைத் தட்டிப் பாடுவோம். இப்போது டோலக், கீபோர்டு, மைக் செட் எல்லாம் வருகிறது. போனதும் பாட மாட்டோம். வீட்டுக்காரர் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிப்போம். செத்தவர் பேர் என்ன, என்ன தொழில், எத்தனை பிள்ளை, பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவார், பிள்ளைகளை என்ன சொல்லித் திட்டுவார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், கடைசியாக என்ன கேட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாட்டுக் கட்டுவோம். எல்லாச் சாவுக்கும் பொதுவான பாட்டுகளும் உண்டு. பேரை மட்டும் மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விடியற்காலை வரைக்கும் சனம் உட்கார்ந்திருப்பது அந்தப் பொதுப் பாட்டுக்காக இல்லை. அந்த வீட்டுக்கென்று அந்த ராத்திரியில் கட்டும் நாலு வரிக்காகத்தான். கேட்கிற அத்தனை பேருக்கும் செத்தவரைத் தெரியும். அவர் யாரை எப்படித் திட்டினார் என்பதும் தெரியும். விளக்கம் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எதுவுமே தெரியாது. அவர்கள் கையில் இருப்பது வெறும் சொல்.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். இந்தக் கரையில் கரைவலை இழுத்த ஒரு பெரியவர் சாவுக்கு நான் கட்டியது. கரைவலை என்பது ஆளுக்கு ஆள் கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்றபடியே இழுப்பது. அவர் கயிற்றின் முதல் ஆளாக நிற்பவர்.

இன்னாத்துக்குக் கம்முனு கீற, எழுந்து வா நைனா – நீ
இஸ்த வலை கரையில கெடக்குது, யாரு இஸ்ப்பா நைனா
கஞ்சிக்கின்னு குந்துவியே, காலம் ஆச்சு நைனா – உன்
கயிதப் புள்ள வாசல்ல நிக்குறான், கண்ண தொற நைனா

இதில் வெளியாள் காதில் உறுத்துகிற சொற்கள் எவை என்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ‘இன்னாத்துக்கு’, ‘கம்முனு’, ‘கீற’, ‘இஸ்த’, ‘குந்துவியே’ எல்லாம் வெறும் பேச்சுவழக்குச் சொற்கள். எதற்கு, சும்மா, இருக்கிறாய், இழுத்த, உட்காருவாயே, அவ்வளவுதான். ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும். தமிழ் தெரிந்தவருக்கு அடுத்த பாட்டில் தானாகப் புரியும். உண்மையான சிக்கல் நாலாவது வரியில் இருக்கிறது. சாவு வீட்டில், பிணத்துக்கு முன்னால், பெற்ற பிள்ளையைக் கழுதை என்று பாடலாமா? டவுன்ஷிப்பில் ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார், “என்னங்க, அந்தப் பையன் மனசு என்ன பாடுபடும்?” நல்ல மனதோடு கேட்ட கேள்வி.

அந்தப் பெரியவருக்கு மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. பள்ளிக்கூடம் போகும்போதும் ‘கயிதே’, கல்யாணம் ஆன பிறகும் ‘கயிதே’. விடியக்காலம் கடலுக்கு எழுப்புவதும் அந்தச் சொல்லால்தான். பாட்டில் நான் அந்தப் பையனின் பேரைப் போட்டிருந்தால் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்பன் கூப்பிட்ட சொல்லைப் போட்டதும், இனிமேல் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை என்பது அந்தப் பையனுக்கு உறைத்தது. அதுவரை அழாமல் கல்லாக நின்றவன் அந்த வரியில்தான் உடைந்தான். துக்கம் தொண்டையில் கட்டி நிற்கிறவனை அழவைப்பதற்குத்தான் கானாக்காரனைக் கூப்பிடுவது. அந்த வீட்டுப் பெண்களே எங்களிடம் வந்து, “அவன் அழவேயில்ல, எதுனா பாடுங்க” என்று கேட்பார்கள்.

இந்தப் பாட்டை மேடையில் பாடும் முன் எப்படிப் பேசுவது என்பதை அதிலிருந்துதான் வகுத்துக்கொண்டேன். சொல்லுக்குப் பொருள் சொல்வதில்லை. செத்தது யார், பாட்டு யாருக்காகப் பேசுகிறது, செத்தவர் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார், இந்த மூன்றை மட்டும் சொல்வேன். ‘அப்பா பையனை உசுரா வெச்சிருந்தார், ஆனா ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, கயிதேன்னுதான் கூப்பிடுவார்’ என்று சொல்லிவிட்டு டோலக்காரருக்குத் தலையசைப்பேன். முதல் வரி ‘இன்னா’வுக்கு அங்கொன்று இங்கொன்றாகச் சிரிப்பு வரத்தான் செய்யும். இரண்டாவது வரியில் வலை வரும்போது குறையும். நாலாவது வரி வரும் முன்பே அவர்களுக்கு எது வரப்போகிறது என்று தெரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். விளக்கம் வேலை செய்ததா இல்லையா என்பதை அங்கே பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒரு விழாக்காரர்கள் நல்லெண்ணத்தில் பாட்டை அச்சடித்து, கீழே சொற்பொருள் பட்டியல் போட்டு நாற்காலிக்கு நாற்காலி வைத்துவிட்டார்கள். கயிதே என்றால் கழுதை, குந்து என்றால் உட்கார், நைனா என்றால் அப்பா. எல்லாம் சரியான பொருள்தான். சபை முழுக்கத் தலைகுனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘கயித’ வந்த இடத்தில் காகிதத்தில் கழுதையைப் பார்த்து மொத்தமாகச் சிரித்தது. பாடிய பையன் அடுத்த பாட்டுக்கு மேடை ஏற மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கே போனாலும், காகிதம் கொடுப்பதானால் பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு உறுத்துவது வேறு. ‘எழுந்து வா’, ‘கண்ண தொற’ என்று பெரியவரை ஒருமையில் பாடுகிறீர்களே என்பார்கள். அவர்கள் வீட்டில் செத்தவர் ‘அவுக’. எங்கள் பேச்சில் ஒருமைக்கு அந்தக் கனம் கிடையாது. ‘அண்ணாத்த, நீ குந்து’ என்பதில் மரியாதை அண்ணாத்தவிலேயே இருக்கிறது. இதை எவ்வளவு சொன்னாலும் அவர்களுக்கு அரைமனதுதான். ஒருநாள் கேட்டவர் தேவாரம் ஓதுகிறவர். “அய்யா, பக்கத்தில் திருக்கழுக்குன்றம். மூவரும் பாடின மலை. மலைமேல் இருக்கிற சாமியை அவர்கள் ஒருமையில்தானே பாடினார்கள்? மனம் ஆற்றாதவன் நீ என்றுதான் பேசுவான்” என்றேன். அவர் அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் நிகழ்ச்சிக்குத் தவறாமல் வருகிறவராகவும் ஆனார்.

சபைக்கு ரொம்பப் பிடித்தது சொல்லின் பிறப்பைச் சொல்வது. டவுன்ஷிப்பில் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். தமிழே தெரியாத இந்திக்காரர் ஒருவர் பாட்டு முடிந்ததும் வந்து, திருநெல்வேலிக்காரருக்குப் புரியாத சொற்கள் எனக்குப் புரிந்தன என்றார். பேஜார், கலீஜ், மஜா, குஜால், பேமானி. அவருக்கு பேஜார் கஜல் பாட்டில் வருகிற சொல், மனம் வெறுத்துப் போனவனைக் குறிப்பது. எங்களுக்கு அது அன்றாடத் தொல்லை. உருதுவும் தக்கணியும் பேசிய வண்டிக்காரர், குதிரைலாயக்காரர், தையல்காரர் பக்கத்தில் தமிழ் உழைப்பாளி குடியிருந்த ஊர் மதராஸ். சொல் தெருவைத் தாண்டி வந்துவிட்டது. துட்டு என்பதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டாம். டச்சுக்காரர்களின் செப்புக்காசு அது. அவர்கள் கட்டிய கோட்டை இதோ சதுரங்கப்பட்டினத்தில் நிற்கிறது. கஸ்மாலம் வடமொழிச் சொல். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைக் கேட்கிற கேள்வியிலேயே இருக்கிறது. இதைச் சொன்னதும் சபையில் ஒரு சலசலப்பு எழும், முகங்கள் மலரும், கைதட்டல் வரும்.

இருந்தாலும் நாளாக ஆக இதைக் குறைத்துக்கொண்டேன். கஸ்மாலம் கீதையில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தச் சொல்மேல் மரியாதை வரும். அதைச் சொல்லித் திட்டு வாங்கியவன் மேல் வராது. கீதையில் இருப்பதால் அது நல்ல சொல்லாகிவிட்டது என்றால், எங்குமே எழுதப்படாத ‘கயிதே’வுக்கு என்ன வழி? அதோடு பிறப்பைச் சொன்னபின் பாடினால் சபை சொல்லைத் தேடிப் பிடிக்கிற விளையாட்டில் இறங்கிவிடுகிறது. ‘இதோ துட்டு, இதோ பேஜார்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். பாட்டு அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் இந்தச் சங்கதியையெல்லாம் கடைசியில், டீ குடிக்கிற நேரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே, 2006-ல் வந்த ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடியதும், 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடியதும், பாடகனே திரையில் பேரோடு தெரிய ஆரம்பித்தான். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் முதல் மேடை ஏறியபோது, கானாவில் சாதியைப் பற்றி நேராகவே பேசினார்கள். இசைவாணி என்ற பெண் அங்கே கானா பாடினார். ஆம்பளைகள் மட்டுமே பாடுவது என்றிருந்த பாட்டு இது. அந்த நிகழ்ச்சிகளுக்குப் பிறகு எங்கள் சபையின் கேள்வியும் மாறியது. “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்” என்பது குறைந்து, “இந்தச் சொல்லை நாங்கள் சொல்லலாமா” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு நான் பதில் சொல்வது ஒரு சொல்லை வைத்து. புள்ளிங்கோ.

புள்ளிங்கோ என்றால் எங்கள் பிள்ளைகள், நம்ம பசங்க. தெருவில் பெருமையாகச் சொல்வது. 2018, 19 வாக்கில் கானா பாட்டு வழியாக அது செல்போனுக்குச் செல்போன் போனது. கொஞ்ச நாளில் முடிக்குச் சாயம் அடித்து, ஒல்லியாக, ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து வருகிற பையனைப் பார்த்துக் கேலியாகச் சொல்லும் சொல்லாக மாறியது. கல்லூரியில் சேர்ந்த எங்கள் தெருப் பையனை வகுப்பில் அப்படிக் கூப்பிட்டார்கள், அவன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். சொல் அதேதான். எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொன்னபோது அணைப்பாக இருந்தது, வகுப்பில் இன்னொருவன் சொன்னபோது அடியாக விழுந்தது. யார், யாரை, எந்த இடத்தில் என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துப் போனால் இப்படித்தான் ஆகும். செல்போன் பாட்டின் பெரிய கோளாறும் அதுதான். சாவு வீட்டில் பாடியவன் முன்னால் செத்தவரின் தங்கை உட்கார்ந்திருப்பாள், பெண்டாட்டி இருப்பாள். வாயில் வருவதை அளந்துதான் பாட வேண்டும். கேமரா முன்னால் பாடுகிற பையனுக்கு எதிரே யாரும் இல்லை. பெண்பிள்ளைகளைப் பற்றி நாராசமாகப் பாடிவிட்டு, ‘கானான்னா அப்படித்தான்’ என்கிறான். அப்படி இல்லை என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். அவை கானாச் சொற்கள் என்று வெளியாட்களுக்கு விளக்கம் கொடுக்கவும் மாட்டேன்.

விளக்கம் கொடுக்காமல் மாற்ற வேண்டிய சொற்கள் எங்கள் பாட்டிலேயே உண்டு. சபைக்கு அவை உறுத்துவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ‘கயிதே’வுக்கு முகம் சுளிப்பவர்கள் ‘சண்டாளன்’ என்று பாடினால் தலையாட்டுவார்கள். ஒப்பாரியில், சினிமாவில், மேடைப் பேச்சில் எல்லாம் கேட்டுப் பழகிய சொல். அது ஒரு சாதியின் பேர். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் இருக்கிற பேர். 2024-ல் ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையமே அதை வசைச்சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. கேப்மாரியும் அப்படித்தான். ஏமாற்றுக்காரன் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல். வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் மொத்தமாகத் திருடர்கள் என்று முத்திரை குத்திய ஒரு சமூகத்தின் பேர் அது. 1952-க்குள் நாடு முழுக்கச் சட்டம் போய்விட்டது, வசவு போகவில்லை. சீர்மரபினர் பட்டியலில் அந்தச் சமூகத்தின் பேர் இருக்கிறது. அந்தப் பேரோடு எங்கள் செங்கல்பட்டு மாவட்டமும் அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் இளம் பாடகன் ஒருவன் சீட்டுப் பணத்தை ஏமாற்றிக்கொண்டு ஓடியவனைப் பற்றி ஒரு நல்ல பாட்டுக் கட்டினான். ஒவ்வொரு அடி முடிவிலும் ‘கேப்மாரி’ வரும். அங்கேதான் டோலக் அடியும் விழும், கூட்டமும் சேர்ந்து கத்தும். மாமல்லபுரத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு அதைப் பாடக் கேட்டிருந்தார்கள். நான் அந்தச் சொல்லின் சங்கதியைச் சொன்னேன். “தெரியாது அண்ணாத்த. ஆனா அத எடுத்தா பாட்டே படுத்துடும்” என்றான். அவன் சொன்னது நியாயம். கானாவில் ஒரு சொல்லை உருவினால் பொருள் மட்டுமா போகிறது, தாளமும் போகிறது. ‘ஏமாத்துக்காரன்’ என்று போட்டுப் பார்த்தான். நீண்டு, அடியைத் தாண்டி வழிந்தது. ‘திருடன்’ என்று போட்டான். குட்டையாகி அடிக்கு முன்பே முடிந்துவிட்டது. ‘டகால்டி’ முன்பாதியில் நொண்டியது. கேப்–மா–ரி: நெட்டெழுத்து இரண்டு, குற்றெழுத்து ஒன்று. முதல் நெடிலில் டோலக்கின் கனத்த அடி. அதே கட்டில், அதே பொருளில் இன்னொன்று வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தோம். டவுன்ஷிப் இந்திக்காரர் அன்றைக்குச் சொன்ன பட்டியல் என் ஞாபகத்துக்கு வந்தது. “பேமானின்னு போடு” என்றேன். பே–மா–னி. நேர்மை கெட்டவன் என்று பொருள். எந்தச் சனத்தின் பேரும் இல்லை. அவன் ஒரு அடி பாடிப் பார்த்தான். ‘ப்’ என்ற ஒற்று போனதால் ‘பே’யை இன்னும் கொஞ்சம் இழுக்க முடிந்தது, டோலக்குக்கு இடம் கிடைத்தது. “இது இன்னும் நல்லா குந்துது அண்ணாத்த” என்றான். மாமல்லபுரத்தில் அப்படித்தான் பாடினான். இப்போது குப்பத்தில் பாடும்போதும் பேமானிதான். சின்னப் பசங்களும் அப்படியே சேர்ந்து கத்துகிறார்கள். சீட்டு ஏமாந்த பெண்கள் இருக்கிற தெருவில் அந்தப் பாட்டை இரண்டு தரம் பாடச் சொல்கிறார்கள்.